பெரிய டிரேயில் விழுந்த பதில்

எங்கள் ஆலைக்கு மொத்தமாக ஒரே ஒரு மின்னஞ்சல் முகவரிதான். ஓசூர் தொழிற்பேட்டையில் லாரிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஆலை அது. ஆயிரம் பேர் வேலை செய்கிற இடத்துக்கு ஒரே முகவரியா என்று இப்போது கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். தொண்ணூறுகளின் கடைசியில் அதுவே எங்களுக்குப் பெருமை. பக்கத்து ஆலையில் அதுகூட இல்லை.

கம்ப்யூட்டர் பிரிவில் நான் இருந்தேன். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் மோடம் போட்டு மெயில் இறக்குவது என் வேலை. அது கிர்ர் என்று கத்தி, இரைந்து, ஒருவழியாக லைன் பிடிக்கும். வந்த மெயிலை எல்லாம் அச்செடுத்து, மேலே எந்த மேனேஜர் பெயர் இருக்கிறதோ அவருடைய டிரேயில் போட வேண்டும். அச்செடுத்ததும் கம்ப்யூட்டரில் இருப்பதை அழித்துவிட வேண்டும், இடம் அடைக்கிறதாம். மேனேஜர்கள் அந்தத் தாளிலேயே ஓரத்தில் பேனாவால் பதில் எழுதித் திருப்பி அனுப்புவார்கள். நான் அதைத் தட்டி அனுப்புவேன். யார் பெயரும் இல்லாமல் வருவது பெரிய டிரேக்குப் போகும். பெரிய டிரே என்றால் ஆலை முழுவதற்கும் தலைவரான ஒர்க்ஸ் மேனேஜருடையது. அவர் ஒருவர்தான் பச்சை மையில் எழுதுவார்.

ஆக, ஊரில் இருக்கிற அத்தனை பேருடைய மெயிலையும் நான் எழுதியிருக்கிறேன். என் பெயரில் ஒன்றுகூட எழுதியதில்லை.

அந்த வேலை எனக்குப் பிடிக்கவில்லை என்பதை மறைக்க ஒன்றுமில்லை. புரோகிராம் எழுதப் படித்தவள் நான். கிருஷ்ணகிரியில் அத்தாவின் இரும்புச் சாமான் கடைக்கு மாடியில்தான் வீடு. அங்கிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து, அடுத்தவர் எழுதியதைத் தட்டிவிட்டு, ஸ்டோர் கணக்கை ஏற்றிவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். மூன்று வருடமாக அதே நாற்காலி. பெங்களூரில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டேன். கூப்பிட்டார்கள். விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன்.

அது ஐந்தாவது மாடி. வாழ்க்கையில் முதல் முறையாக லிஃப்டில் ஏறினேன். ஆள் எடுக்கிற மேனேஜர் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் பேசிவிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செய்து அனுப்ப வேண்டிய வேலையாம். ஒரு கட்டடத்தில் லிஃப்ட் எப்படி ஓட வேண்டும், யார் எந்த மாடியில் பொத்தானை அழுத்தினால் எங்கே முதலில் நிற்க வேண்டும் என்று ஒரு புரோகிராம் எழுத வேண்டும். கூடவே, ஏன் அப்படி எழுதினேன் என்று இரண்டு பக்க விளக்கம். அடுத்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் மெயிலில் வந்து சேர வேண்டும்.

சரி, ஒரு வாரம் இருக்கிறதே என்று நினைத்தேன். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான் படித்த பயிற்சி நிலையத்தில் ஒரு மெஷினை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்தேன். ஷிப்ட் முடிந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தேன். வெள்ளிக்கிழமைக்குள் என் லிஃப்ட் மேலே போனது. கீழேதான் வரமாட்டேன் என்றது. பரவாயில்லை, சனி ஞாயிறு இருக்கிறதே, இறக்கிவிடலாம் என்று இருந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். வருடக் கடைசி ஸ்டாக் எடுப்பு முன்னதாகவே தொடங்குகிறது, சனி, ஞாயிறு எல்லோரும் வர வேண்டும், கம்ப்யூட்டர் பிரிவு கண்டிப்பாக. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த போர்டையே பிய்த்து எறிந்திருப்பேன்.

ஸ்டாக் எடுப்பு என்றால் வெளியாட்களுக்குத் தெரியாது. மெஷின் எல்லாம் நின்றுவிடும். ஒவ்வொரு ரேக்குக்கும் ஒரு சீட்டு கட்டித் தொங்கவிடுவார்கள். ஒரு குழு எண்ணும், இன்னொரு குழு மறுபடி எண்ணும். சீட்டு எல்லாம் எங்களிடம் வரும், நாங்கள் ஏற்றுவோம். கம்ப்யூட்டர் சொல்வதும் ரேக்கில் இருப்பதும் எங்கே ஒத்துப்போகவில்லையோ அதை மட்டும் அச்செடுத்துக் கொடுப்போம். திரும்ப எண்ணுவார்கள். ஆடிட்டர் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இது எப்படி?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார். நடுவில் ஒருவர் எழுந்து போனாலும் மொத்தமும் நிற்கும்.

அவகாசம் கேட்டு எழுதுவதைத் தவிர வேறு வழி இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருந்த பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். ரோடு தோண்டியவர்கள் டெலிபோன் கேபிளை வெட்டிவிட்டார்களாம். "திங்கக்கெழம தான் மேடம் லைன் வரும்" என்றார் கடைக்காரர். திங்கட்கிழமை வந்து என்ன பிரயோஜனம்! கெடு முடிந்த பிறகு அவகாசம் கேட்பதற்குக் கேட்காமலே இருக்கலாம்.

மிச்சம் இருந்தது ஆலையின் மோடம் ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் மோடத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஸ்டோர் கீப்பருக்கு மட்டும் விஷயம் தெரியும். திருநெல்வேலிக்காரர், ரேக் சீட்டுகளோடு வந்து என் பின்னால் நின்றார்.

"என்னத்த இவ்வளவு யோசிக்கிய? காய்ச்சல்னு எழுதிப் போடுங்கம்மா. எவன் வந்து தொட்டுப் பாக்கப் போறான்?"

"காய்ச்சல்ல படுத்திருக்கிறவ ஞாயித்துக்கிழமை கம்பெனி மெயில்ல இருந்து எப்படிண்ணா எழுதுவா?"

"அதுவுஞ் சரிதான். அப்பம் வீட்ல யாருக்காவது முடியலன்னு சொல்லுங்க."

எங்கள் ஆலையில் யாரும் விடுப்புக் கடிதத்தில் உண்மை எழுதுவது கிடையாது. ஒரே ஆளுக்கு இரண்டு தாத்தாதான் உண்டு என்றாலும் நாலு தாத்தா செத்திருப்பார்கள். கையெழுத்துப் போடுகிறவருக்கும் அது தெரியும். எனக்கு அந்த ஆட்டம் அலுத்துவிட்டிருந்தது. நேர்மையால் ஒன்றும் இல்லை, யாரையாவது சாகடித்து எழுதினால் நாளைக்கு நேரில் பார்க்கும்போது அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்பார்களே என்ற எரிச்சல்தான்.

உள்ளதையே எழுதினேன். நான் இன்னார், இன்ன தேதி நேர்காணலுக்கு வந்தவள், லிஃப்ட் புரோகிராம் நாளைக் காலை பத்து மணிக்கு உங்களுக்கு வர வேண்டும். நான் இப்போது வேலை செய்யும் இடத்தில் வருடாந்தர ஸ்டாக் எடுப்பு எதிர்பாராமல் முன்னால் வந்துவிட்டது. என் பகுதியை நடுவில் விட்டுவிட்டு வந்தால் மற்றவர்கள் வேலையும் நின்றுவிடும், அதனால் வர முடியவில்லை. மேலே போகும் பகுதி முடிந்தது, கீழே இறங்கும் பகுதியும் விளக்கமும் பாக்கி. வியாழக்கிழமை மாலை வரை அவகாசம் தர முடியுமா? முடியாது என்றால் சொல்லுங்கள், முடிந்தவரை உள்ளதை அனுப்பிவிடுகிறேன். கீழே என் பெயர். அவ்வளவுதான். பத்து வரி எழுதுவதற்குள் சாப்பாட்டு நேரம் போய்விட்டது. அனுப்பிவிட்டு வெறும் வயிற்றோடு சீட்டு ஏற்ற உட்கார்ந்தேன்.

திங்கட்கிழமை காலை மெயில் நேரத்துக்கு நான் என் இடத்தில் இருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆடிட்டர் பேரிங் கணக்கில் ஏதோ இடிக்கிறது என்று ஸ்டோருக்கு வரச் சொல்லிவிட்டார். மெயில் இறக்குகிற வேலையை அன்றைக்கு டெலக்ஸ் ஆபரேட்டரிடம் கொடுத்தார்கள். கல்லாவிப் பக்கத்து ஆள். டெலக்ஸ் மெஷின் மூலையில் தூங்கிக்கொண்டிருந்தாலும் அவருக்கு அதே பதவிதான். எதையும் படிக்கக் கூடாது, மேலே இருக்கிற பெயரை மட்டும் பார்க்க வேண்டும் என்பது அவர் தொழில் நெறி.

ஸ்டோரிலிருந்து திரும்பும்போது மத்தியானம் ஆகிவிட்டது. சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன்.

"அண்ணே, எனக்கு எதாச்சும் வந்துச்சா?"

"உனுக்கா? உனுக்கு யாரும்மா மெயில் போடப் போறாங்க?" என்று சிரித்தார். "எல்லாம் மேனேஜருங்களுக்குத்தான். ஒண்ணு மட்டும் பேரே இல்ல. மேல டியர் மேடம்னு போட்டுகினு இருந்துச்சு. நம்ம கம்பெனில மேனேஜர் மேடம் ஏதுமா? அதான் பெரிய டிரேல வச்சிட்டேன்."

"உள்ள படிக்கலியா?"

"நான் எதுக்கும்மா படிக்கப் போறேன்? அடுத்தவங்க விசயம்."

அடப்பாவி மனுஷா! படித்திருந்தால் அடியில் என் பெயர் இருந்திருக்கும். பதிலுக்குக் கீழே நான் எழுதிய மெயிலும் சேர்ந்தே அச்சாகும். அதாவது, நான் வேறு வேலை தேடுகிறேன் என்பதும், ஆலையின் மோடத்திலேயே அதைச் செய்தேன் என்பதும், ஒரே தாளில் ஒர்க்ஸ் மேனேஜர் மேசையில் இருக்கிறது. கம்ப்யூட்டரில் போய்ப் பார்த்தேன். விதிப்படி அழித்திருந்தார்.

போன வருடம் எங்கள் டிராயிங் பிரிவில் ஒருவர் வெளியே நேர்காணலுக்குப் போனது தெரிந்துவிட்டது. அந்த வருடம் அவருக்குச் சம்பள உயர்வு இல்லை. மேசையையும் டெஸ்பாட்ச் ஷெட்டுக்கு மாற்றிவிட்டார்கள். புது வேலையும் கிடைக்கவில்லை. லாரி வந்து போகிற புகையில் உட்கார்ந்து அவர் கோடு போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது. பயந்தேன். அதைவிட மோசம், பெங்களூர்க்காரர் சரி என்றாரா, முடியாது என்றாரா என்றுகூடத் தெரியவில்லை. முடியாது என்றிருந்தால் உள்ளதை அனுப்புவதற்கான நேரமும் போயிருக்கும்.

மாடிக்குப் போய் ஒர்க்ஸ் மேனேஜரிடமே கேட்டிருக்கலாம். போகவில்லை. சீட்டு ஏற்றிக்கொண்டே இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை டிரே திரும்பி வந்தது. மூன்றாவது தாளில் இருந்தது. அச்சில் இருந்த பதில் சின்னதுதான். வியாழன் முடியாது, நாங்கள் புதன்கிழமை மத்தியானம் உட்கார்ந்து எல்லோருடையதையும் பார்க்கிறோம், புதன் பகல் பன்னிரண்டுக்குள் அனுப்புங்கள். முடியாத பகுதி இருந்தால் எது முடியவில்லை என்று எழுதிவிடுங்கள். கெடுவுக்கு முன்னாலேயே கேட்டதற்கு நன்றி.

ஓரத்தில் பச்சை மை. "பதில்: புதன் பன்னிரண்டு என்று உறுதி செய்யவும்." அதற்குக் கீழே, எங்கள் ஆலையில் எல்லோரும் பயப்படுகிற வார்த்தை: "பேசவும்."

போனேன். ஒர்க்ஸ் மேனேஜரும் பெங்களூர்க்காரர்தான். கன்னடமும் தமிழும் கலந்துதான் பேசுவார். நிமிர்ந்து பார்க்காமல் முதலில் கேட்டது பேரிங்கைப் பற்றி.

"ஆடிட்டர் சொன்ன வித்தியாசம் ஏனாயித்து?"

"ரெண்டு ரேக்குக்கு ஒரே சீட்டு நம்பர் விழுந்திருந்தது சார். சரி பண்ணிட்டோம்."

"ம்." பேனாவை மூடினார். "இல்லம்மா, என்கிட்ட முன்னாடியே ஏன் சொல்லல?"

மூன்று வருடக் கோபத்தில் கேட்டுவிட்டேன். "சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா சார்?"

அவர் உண்மையிலேயே யோசித்தார். மேசைமேல் இருந்த காகித எடையை ஒருமுறை திருப்பி வைத்தார்.

"இல்ல" என்றார். "விட்டிருக்க மாட்டேன்."

எனக்கு அது பிடித்திருந்தது. வேறு ஏதாவது சொல்லியிருந்தால் வெறுத்திருப்பேன்.

"ஆனா நடுவுல விட்டுட்டு வர முடியாதுன்னு அந்த கம்பெனிக்காரருக்கு எழுதியிருக்க. இங்க இருக்கறவங்க யாருக்கும் அத நீ சொல்லல" என்றார். "இன்னைக்கு மத்தியானத்தோட உன் சீட்டு வேலை முடியும்ல? முடிஞ்சதும் போ. நாளைக்கு அனுப்பறதுக்கு நம்ம மோடம் வேணும்னா எடுத்துக்கோ. மெயில் வேலைய இன்னைலேர்ந்து டெலக்ஸ்காரருக்குக் கத்துக்குடு."

கடைசி வரியைக் கேட்டதும் கொஞ்சம் துளிர்த்த சந்தோஷமும் போய்விட்டது. வேலை கிடைக்கும் முன்பே என் நாற்காலியை இன்னொருவருக்குக் கொடுத்தாயிற்று. அவர் நல்லவரா, கணக்குப் போடுகிறவரா என்று இன்றைக்கும் எனக்குத் தீர்மானமாகத் தெரியாது. இரண்டுமாக இருக்கலாம். என் நிலைமை மட்டும் தெளிவாக இருந்தது: பெங்களூர் இல்லை என்றால் டெஸ்பாட்ச் ஷெட்.

டெலக்ஸ்காரருக்கு அவசர அவசரமாகச் சொல்லிக்கொடுத்தேன். "இவ்ளோதானா?" என்றார். பயிற்சி நிலையத்தில் போய் உட்கார்ந்தேன். லிஃப்ட் ஏன் கீழே வரவில்லை என்று பார்த்தால், கடைசி மாடிக்குப் போனதும் திசையை மாற்றச் சொல்ல மறந்திருந்தேன். நாலு நாளாக அந்தப் பெட்டியை நான் மேலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன்! சத்தமாகச் சிரித்துவிட்டேன், பக்கத்து மெஷின்காரர் திரும்பிப் பார்த்தார். கீழே இறக்கினேன். விளக்கம் எழுதினேன். ஒரே நேரத்தில் இரண்டு லிஃப்ட் ஓடுவதைப் பற்றி ஒரு கேள்வி இருந்தது. அதற்கு நேரம் போதவில்லை, முடியவில்லை, எப்படிச் செய்வேன் என்று மட்டும் எழுதுகிறேன் என்று வெளிப்படையாகவே போட்டேன். புதன்கிழமை பதினொன்றரைக்கு ஆலை மோடம் அதை ஏற்றி முடித்தது.

அதற்குப் பிறகு எல்லோரும் என்னிடம் ஏற்கனவே போய்விட்டவளிடம் பேசுவது போலப் பேசினார்கள். ஸ்டோர் கீப்பர் மட்டும், "காய்ச்சல்னு எழுதியிருந்தா பெரியவர் கையில கிடைச்சு என்ன ஆயிருக்கும்னு நினைச்சுப் பாத்தேம்மா. நல்லவேளை" என்றார். அதை நானும் நினைத்துப் பார்த்திருந்தேன்.

அடுத்த வாரம் ஒருநாள் காலை, சாப்பாட்டுக் கூடத்திலிருந்து திரும்பினேன். டெலக்ஸ்காரர் கடமையை முடித்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கும் ஒரு டியர் மேடம் வந்துச்சும்மா."

"அண்ணே! அது எனக்குத்தாண்ணே! போன தடவையே சொன்னேனே!"

"பேரு போட்டிருந்தா குடுத்திருப்பேன். பேரில்லாதது பெரிய டிரேதான? நீதான சொல்லிக் குடுத்த?"

நான்தான் சொல்லிக்கொடுத்தேன். வார்த்தை மாறாமல் அப்படியேதான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

"என்ன எழுதியிருந்துச்சு? ஒரு வரியாவது?"

"நான் படிக்கிறதில்லம்மா" என்றார் பொறுமையாக, நான்தான் ஏதோ தப்பான பழக்கம் கேட்கிறவள் போல.

ஒர்க்ஸ் மேனேஜர் அன்றைக்குப் பெங்களூர் போயிருந்தார். அறை பூட்டியிருந்தது. பூட்டிய கதவுக்குப் பின்னால் என் விதி ஒரு டிரேயில் கிடந்தது. என் ஆத்திரத்துக்கு அளவில்லை. அந்த ரப்பர் செருப்புப் போட்ட மனிதருக்கு என் பெயரை ஒருதரம் எழுதினால் விரல் தேய்ந்துவிடுமா? வீட்டுக்குப் போனதும் அத்தா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னாம்மா, வேல போச்சா?" என்றார். "தெரியலைத்தா" என்றேன். அது பொய் இல்லை.

மறுநாள் டிரே திரும்பி வந்தது. அச்சை முதலில் படிக்க எனக்குத் தைரியம் இல்லை. மூன்று வருடப் பழக்கம், கண் ஓரத்துக்குத்தான் போயிற்று. பச்சை மையில் ஒரே வரி:

"வருடக் கணக்கு முடிந்ததும் விடுவிக்கவும். இவருக்குப் பதில் யார்?"

அந்தக் கேள்வியைப் படித்துத்தான் எனக்கு வேலை கிடைத்துவிட்டது என்று தெரிந்தது. அச்செழுத்தில் என்ன எழுதியிருந்தது என்பதை உடனே படிக்க முடியவில்லை, கண் கலங்கிவிட்டது. தாளை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு அழுதேன். டெலக்ஸ்காரர் பதறிப்போய் எழுந்து வந்தார்.

"என்னாம்மா, கெட்ட சேதியா? நான் படிக்கவே இல்லியே!"

"இப்ப படிங்கண்ணே" என்று நீட்டினேன்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "அடுத்தவங்க விசயம்" என்றார். பிறகு மோடத்தைப் போட்டுவிட்டு, பதில் தட்டுவதற்காக நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டார்.